ஒரே 99 சதவீதம், இரண்டு கோளாறுகள்

குவாண்டம் கணினி பற்றிய செய்தி எதை எடுத்தாலும் அதில் ஒரு சதவீதக் கணக்கு தவறாமல் இருக்கும். எங்கள் க்யூபிட்டின் ஃபிடெலிட்டி 99 சதவீதம் என்பார் ஒருவர், 99.9 சதவீதம் என்பார் இன்னொருவர். படிக்கிறவர் என்ன நினைப்பார்? நூற்றில் ஒரு பங்கோ ஆயிரத்தில் ஒரு பங்கோதான் பிழை, மற்றதெல்லாம் சரி என்று எடுத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்.

ஆனால் 99 சதவீதம் என்று சொல்லிக்கொள்ளும் இரண்டு கருவிகளை அருகருகே வைத்து, ஒரே செயலைப் பத்து முறை செய்யவிட்டால், ஒன்று 91 சதவீதத்தில் நிற்கலாம். மற்றது 29 சதவீதத்துக்கு விழுந்துவிடலாம். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை. ஃபிடெலிட்டி என்ற அளவுகோலுக்கு அந்த வேறுபாடு கண்ணில் படாது, அவ்வளவுதான். டிரேஸ் தொலைவு என்ற இன்னோர் அளவுகோலுக்கு அது பளிச்சென்று தெரியும். ஒற்றை க்யூபிட்டோடு நிறுத்திக்கொண்டால் இரண்டையும் பள்ளிக்கூட முக்கோணவியலைக் கொண்டே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

முதலில் க்யூபிட்டின் நிலையை எப்படிப் படம் போடுவது என்று பார்ப்போம். ஆரம் 1 உள்ள ஓர் உருண்டை. அதன் மையத்திலிருந்து கிளம்பும் ஓர் அம்பு. ஒரு க்யூபிட்டின் எந்த நிலையையும் இந்த ஓர் அம்பாக வரைந்துவிடலாம். ஃபெலிக்ஸ் பிளாக் என்ற இயற்பியலாளரின் பெயரால் இது பிளாக் உருண்டை எனப்படுகிறது. மேசையில் வைக்கும் பூகோள உருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். வட துருவம் என்பது 0 என்ற நிலை. தென் துருவம் 1. நிலநடுக்கோட்டில் உள்ளவை 0, 1 இரண்டும் சரிபாதியாகக் கலந்த நிலைகள். அம்பின் முனை உருண்டையின் மேற்பரப்பைத் தொட்டால் அது தூய நிலை. வெளியுலகின் இரைச்சல் புகுந்தால் அம்பு குட்டையாகி முனை உள்ளே இறங்கும். மையத்துக்கே வந்துவிட்டால் க்யூபிட்டில் எந்தத் தகவலும் மிச்சமில்லை என்று பொருள்.

அளவிடுவது என்றால், ஓர் அச்சைத் தேர்ந்தெடுத்து அதன் மேல் அம்பின் நிழல் எவ்வளவு நீளம் விழுகிறது என்று பார்ப்பது. வட துருவத்திலிருந்து தென் துருவம் வரை போகும் அச்சை z என்போம். அதன் மேல் நிழல் z அளவு என்றால், அளவிடும்போது 0 என்ற விடை வரும் வாய்ப்பு (1 + z)/2. வட துருவத்தில் z = 1, ஆகவே எப்போதும் 0 தான் வரும். நிலநடுக்கோட்டில் z = 0, பாதிக்குப் பாதி. வேறு அச்சில் அளந்தாலும் இதே விதிதான். இந்த ஒரு விதி கையில் இருந்தால் மிச்சக் கட்டுரையைத் தாண்டிவிடலாம்.

டிரேஸ் தொலைவு இப்போது மிக எளிது. இரண்டு நிலைகளின் அம்பு முனைகளுக்கு நடுவே உள்ள நேர்கோட்டுத் தூரத்தை எடுத்துப் பாதியாக்குங்கள். உருண்டையின் மேற்பரப்பில் வளைந்து போகும் தூரம் அல்ல, உள்ளே துளைத்துக்கொண்டு போகும் தூரம். ஒரே நிலை என்றால் விடை 0. நேர் எதிரெதிர் துருவங்கள் என்றால் தூரம் 2, அதில் பாதி 1. ஆக 0 முதல் 1 வரை ஓடும் அளவுகோல் இது. பல க்யூபிட்டுகளுக்குப் போனால் அணிகளின் கணக்கு வேண்டியிருக்கும். ஒரு க்யூபிட்டுக்கு அடிக்கோல் போதும்.

இந்த எண்ணுக்கு நடைமுறையில் ஒரு பொருள் உண்டு. உங்களிடம் ஒருவர் நாணயம் சுண்டிப் பார்த்து, அ அல்லது ஆ என்ற இரண்டு நிலைகளில் ஒன்றில் உள்ள க்யூபிட்டைக் கொடுக்கிறார். ஒரே ஒரு முறை அளக்கலாம். எது என்று சொல்ல வேண்டும். அளக்காமலே கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் பாதி தடவை சரியாக இருக்கும். இருப்பதிலேயே சிறந்த முறையில் அளந்தால் சரியாகச் சொல்லும் வாய்ப்பு (1 + T)/2. இங்கே T என்பது டிரேஸ் தொலைவு. இதற்கு மேல் எந்தக் கெட்டிக்காரராலும் போக முடியாது. கார்ல் ஹெல்ஸ்ட்ரோம் என்ற அமெரிக்க அறிஞர் நிறுவிய எல்லை இது. 1976-இல் வந்த அவருடைய நூல் இத்துறையின் அடிப்படை நூல்களில் ஒன்று. சிறந்த முறை எது என்பதும் படத்திலேயே இருக்கிறது: இரண்டு முனைகளையும் இணைக்கும் கோடு எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசையில் அளக்க வேண்டும். பின்னால் இது வேலைக்கு வரும்.

ஃபிடெலிட்டி கேட்கும் கேள்வி வேறு. ஒரு நிலையைத் தயாரித்து வைத்துக்கொண்டு, ‘நீ அந்த இன்னொரு நிலைதானா?’ என்று சோதித்தால், ஆமாம் என்று விடை வரும் வாய்ப்பு எவ்வளவு? தூய நிலைகள் இரண்டுக்கு அது அம்புகளுக்கு இடையிலான கோணத்தைப் பொறுத்தது: F = cos²(θ/2). இரண்டும் இரைச்சல் கலந்தவை என்றால் இந்தக் கேள்விக்கு நேரடியான பொருள் போய்விடும். அதற்கான பொதுச் சூத்திரத்தை 1976-இல் ஜெர்மானியரான ஆர்மின் ஊல்மன் கொடுத்தார். 1994-இல் ரிச்சர்ட் ஜோஸா அதை எளிமையாக விளக்கினார். ஒற்றை க்யூபிட்டுக்கு அந்தப் பெரிய சூத்திரம் இவ்வளவு சிறியதாக மடங்கிவிடுகிறது:

F = ½ [ 1 + r·s + √((1 − r²)(1 − s²)) ]

r, s என்பவை இரண்டு அம்புகள். r·s என்பது அவற்றின் புள்ளிப் பெருக்கல். ஒன்றின் மேல் மற்றதன் நிழலை வைத்துப் போடும் கணக்கு. ஓர் அம்பாவது முழு நீளம் உள்ளதாக இருந்தால் வர்க்கமூலப் பகுதி பூஜ்யமாகிவிடும். மிஞ்சுவது (1 + r·s)/2 மட்டுமே.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நிலை வட துருவத்தில், இன்னொன்று நிலநடுக்கோட்டில். நடுவே 90 பாகை. F = cos² 45° = 0.5. முனைகளுக்கு இடையில் தூரம் √2, பாதியாக்கினால் T = 0.707. பந்தயத்தில் சரியாகச் சொல்லும் வாய்ப்பு 85 சதவீதம். அதற்குச் சாய்வான அச்சில் அளக்க வேண்டும். பழக்கதோஷத்தில் z அச்சிலேயே அளந்தால் 75 சதவீதத்துக்கு மேல் ஏறாது.

இனி அதே வட துருவத்தோடு உருண்டையின் மையத்தை ஒப்பிடுங்கள். மையம் என்பது எல்லாம் அழிந்துபோன நிலை. r·s பூஜ்யம், F = 0.5. முன்பு வந்த அதே எண்! டிரேஸ் தொலைவோ முனையிலிருந்து மையம் வரை உள்ள 1-இல் பாதி, அதாவது 0.5. ஒரே ஃபிடெலிட்டி, ஆனால் தொலைவு 0.707-க்குப் பதில் 0.5. இன்னொன்றும் இங்கே கவனிக்க வேண்டியது: ஒரு க்யூபிட்டின் ஃபிடெலிட்டி 50 சதவீதம் என்றால் பாதி தேறிவிட்டது என்று அர்த்தமில்லை. உள்ளே ஒன்றுமே மிஞ்சாத நிலைகூட 50 வாங்கும்.

இரண்டு அம்புகளும் குட்டையாக இருந்தால்? ஒன்று மேல்நோக்கி 0.5 நீளம், மற்றது பக்கவாட்டில் 0.5 நீளம். புள்ளிப் பெருக்கல் பூஜ்யம்தான். வர்க்கமூலப் பகுதி √(0.75 × 0.75) = 0.75. F = 1.75/2 = 0.875. தொலைவு 0.354. அதே செங்கோணம்தான், ஆனால் இரைச்சல் இரண்டையும் மையத்தை நோக்கி இழுத்ததால் தொலைவு பாதியாகிவிட்டது. டிரேஸ் தொலைவுக்கு ஓர் உறுதியான குணம் உண்டு: ஒரே செயலை இரண்டு நிலைகளின் மீதும் செலுத்தினால் அவற்றுக்கு இடையிலான தொலைவு குறையலாம், அப்படியே இருக்கலாம், ஒருபோதும் கூடாது.

இப்போது நம்முடைய 99 சதவீதத்துக்கு வருவோம். இரண்டு ஆய்வகங்கள். இரண்டுக்கும் இலக்கு வட துருவம். முதல் ஆய்வகத்தில் க்யூபிட்டைத் திருப்புகிற மைக்ரோவேவ் துடிப்பின் வலிமை ஒரு பொட்டு கூடிவிட்டது. அம்பு முழு நீளத்தோடு இருக்கிறது, ஆனால் x அச்சின் பக்கமாக 11.48 பாகை சாய்ந்திருக்கிறது. இரண்டாவது ஆய்வகத்தில் துடிப்பு அச்சுப் பிசகாமல் இருக்கிறது. சுற்றுப்புற இரைச்சல்தான் க்யூபிட்டை அவ்வப்போது எல்லாத் திசையிலும் உதைக்கிறது. அம்பு நேராகத்தான் நிற்கிறது, நீளம் மட்டும் 0.98 ஆகக் குறைந்துவிட்டது.

சாய்ந்த அம்பின் z நிழல் cos 11.48° = 0.98. குட்டை அம்பின் z நிழலும் 0.98. இரண்டின் ஃபிடெலிட்டியும் (1 + 0.98)/2 = 0.99. கணக்கில் கடுகளவு வித்தியாசம்கூட இல்லை.

டிரேஸ் தொலைவைப் பாருங்கள். குட்டை அம்பின் முனை இலக்குக்கு நேர் கீழே 0.02 தூரத்தில் இருக்கிறது, T = 0.01. சாய்ந்த அம்பின் முனை கீழே 0.02 இறங்கியதோடு, பக்கவாட்டில் 0.199 நகர்ந்திருக்கிறது. பிதாகரஸ் தேற்றப்படி தூரம் 0.2, T = 0.1. பத்து மடங்கு!

சோதனை மேசையில் இது எப்படித் தெரியும்? இரண்டு ஆய்வகமும் z அச்சில் ஆயிரம் முறை அளந்தால் இரண்டுக்கும் சராசரியாக 990 முறை 0 வரும். இலக்கை அடைந்தோமா என்று சோதிக்க இயல்பாகத் தோன்றும் அச்சும் இதுதான், ஆகவே இருவரும் ஒரே அறிக்கையை எழுதுவார்கள். x அச்சுக்குத் திருப்பி அளந்தால்தான் குட்டு வெளிப்படும். குட்டை அம்புக்கு அந்த அச்சில் நிழலே கிடையாது. ஆயிரத்தில் ஏறத்தாழ 500 வரும். சாய்ந்த அம்புக்கு நிழல் 0.199, ஆயிரத்தில் சுமார் 600 வரும். ஆயிரம் அளவீட்டில் தற்செயலாக ஏற்படும் ஏற்ற இறக்கம் 16 அளவில்தான் இருக்கும் என்பதால் இந்த நூறு வித்தியாசத்தை யாரும் தவறவிட முடியாது. முனைகளை இணைக்கும் கோட்டின் திசையில் அளக்கச் சொன்ன ஹெல்ஸ்ட்ரோம் விதி இங்கே அப்படியே பொருந்துகிறது: அந்தக் கோடு ஏறக்குறைய x அச்சோடு ஒட்டியே ஓடுகிறது.

இதனால் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்கலாம். கணினியில் ஒரு செயலோடு வேலை முடிவதில்லை. ஒவ்வோர் அடியிலும் அதே கோளாறு திரும்ப வருவதாக வைத்துக்கொண்டு பத்து அடி போய்ப் பாருங்கள். குட்டை அம்பு ஒவ்வோர் அடியிலும் 0.98 மடங்காகிறது. பத்து முறைக்குப் பின் நீளம் 0.817, ஃபிடெலிட்டி சுமார் 0.91. சாய்ந்த அம்போ ஒவ்வோர் அடியிலும் அதே பக்கமாக இன்னொரு 11.48 பாகை சாய்கிறது. பத்து அடியில் 114.8 பாகை, நிலநடுக்கோட்டைத் தாண்டி தென் பாதிக்குள் போய்விட்டது. அதன் ஃபிடெலிட்டி cos² 57.4° = 0.29.

காரணம் எளிது. சாய்வு சிறியதாக இருக்கும்போது ஃபிடெலிட்டி இழப்பு கோணத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆரம்பச் சாய்வு வர்க்கத்துக்குள் மறைந்து 0.01 என்று சாதுவாகத் தெரிகிறது. கோணம் இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்காகும். டிரேஸ் தொலைவில் அந்த மறைவு கிடையாது. அது ஓர் உண்மையான தூரம் என்பதால், பத்து அடியில் சேரும் பிழை ஓர் அடியின் தொலைவைப் போல் பத்து மடங்கைத் தாண்டாது என்று அடித்துச் சொல்லலாம். இரைச்சலுக்குப் பத்து அடிக்குப் பின் 0.091, உத்தரவாதம் சொன்ன எல்லை 0.1. சாய்வுக்கு 0.842, எல்லை 1. இரண்டிலும் எச்சரிக்கை முதல் அடியிலேயே இருந்தது. ஃபிடெலிட்டியின் 0.01 இழப்பைப் பத்தால் பெருக்கினவருக்கு இரைச்சல் விஷயத்தில் விடை சரியாக வந்திருக்கும். சாய்வு விஷயத்தில் ஏமாந்திருப்பார்.

இரண்டு அளவுகளும் சம்பந்தமே இல்லாமல் திரிபவை அல்ல. கிறிஸ்டோபர் ஃபுக்ஸும் யெரூன் வான் டி கிராஃபும் 1999-இல் வெளியிட்ட கட்டுரை, ஒன்றைக் கொண்டு மற்றதைக் கட்டிப்போடும் எல்லைகளைத் தந்தது. இலக்கு தூய நிலையாக இருக்கும்போது அது 1 − F ≤ T ≤ √(1 − F) என்று அமைகிறது. F = 0.99 என்றால் தொலைவு 0.01-க்கும் 0.1-க்கும் இடையில். நம்முடைய இரண்டு ஆய்வகங்களும் இந்த எல்லைகளின் இரு முனையிலும் உட்கார்ந்திருக்கின்றன.

என்னைக் கேட்டால், சாய்வு வந்த ஆய்வகத்துக்காக அதிகம் வருத்தப்பட மாட்டேன். கோளாறு இருப்பது தெரிந்துவிட்டால் துடிப்பின் வலிமையைத் திருகிச் சரிசெய்துவிடலாம். இரைச்சலை அப்படித் திருகித் தீர்க்க வழியில்லை. நல்ல பொருளும் நல்ல குளிர்ச்சியும் பிழைதிருத்தும் முறைகளும் வேண்டும். ஆபத்து சாய்வில் இல்லை, சாய்வு இருப்பதே தெரியாமல் 99 என்று எழுதிவைப்பதில்தான் இருக்கிறது. எங்கே சாய்கிறது என்று கண்டுபிடிக்க முடியாதபோது இன்னொரு வழியும் உண்டு. கணக்கின் விடை மாறாதபடி இடையிடையே தற்செயலான திருப்பங்களைச் செருகி, சாய்வு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பக்கம் போகும்படி செய்துவிடுவது. ஜோயல் வால்மனும் ஜோசஃப் எமர்சனும் 2016-இல் வெளியிட்ட முறை இது. சாய்வு, சாதாரண இரைச்சலாக மாறிவிடும். ஃபிடெலிட்டி பெரிதாக உயராது, ஆனால் பிழைகள் ஒரே பக்கம் சேருவது நின்றுவிடும்.

அளப்பதிலும் சில கண்ணிகள் உண்டு. விடையைப் படிக்கும் கருவியே நூற்றில் இரண்டு முறை தவறாகப் படித்தால், குறையே இல்லாத நிலைகூட ஆயிரத்தில் 980 என்றுதான் காட்டும். அதை வைத்துக்கொண்டு 99 சதவீதத்தைப் பற்றிப் பேசுவது வீண். ஆகவே அடிகளின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போய், ஃபிடெலிட்டி எந்த வேகத்தில் தேய்கிறது என்று பார்ப்பார்கள். படிக்கும் பிழை கடைசியில் ஒருமுறைதான் வரும், செயலின் பிழை அடிக்கு அடி சேரும், இரண்டையும் பிரித்துவிடலாம். ரேண்டமைஸ்டு பெஞ்ச்மார்க்கிங் என்ற பெயரில் பரவலாகப் புழங்கும் முறை இதுவே. ஆனால் அதில் அடிகளைத் தற்செயலாகத் தேர்ந்தெடுப்பதால் சாய்வு அங்கேயும் சராசரிக்குள் கரைந்து மறைந்துவிடுகிறது. செய்தியில் வரும் எண்களில் பல இந்த வழியில் வந்தவை.

மூன்று அச்சிலும் அளந்து அம்பையே வரைந்து பார்ப்பது இன்னொரு வழி. அப்போது சில சமயம் அம்பின் நீளம் 1.01, 1.02 என்று வரும். அப்படி ஒரு நிலை இயற்கையில் கிடையாது. அளவீடுகள் போதவில்லை அல்லது கருவியில் பிழை இருக்கிறது என்பதன் அடையாளம் அது.

கடைசியாக ஒரு சூத்திரச் சிக்கல். நீல்சனும் சுவாங்கும் எழுதி 2000-இல் வந்த புகழ்பெற்ற பாடநூல், ஃபிடெலிட்டிக்கு நாம் மேலே பார்த்த எண்ணின் வர்க்கமூலத்தை எடுத்துக்கொள்கிறது. ஜோஸாவின் வழக்கில் 0.99 என்பது அங்கே 0.995. மென்பொருள்களும் இப்படிப் பிரிந்து கிடக்கின்றன: Qiskit-இன் state_fidelity வர்க்கத்தையும், QuTiP-இன் fidelity வர்க்கமூலத்தையும் தருகின்றன. ஒரே நிலையை ஒருவர் 99 என்றும் மற்றவர் 99.5 என்றும் சொன்னால், இரண்டாமவருடைய கருவி மேல் என்று முடிவுகட்டுவதற்கு முன் எந்த வழக்கு என்று கேட்டுவிடுவது நல்லது.

எண் உயர உயர இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 99 சதவீதத்தில் டிரேஸ் தொலைவின் மேல் எல்லை கீழ் எல்லையைப் போல் பத்து மடங்கு. 99.99 சதவீதத்தில் தொலைவு 0.0001 ஆகவும் இருக்கலாம், 0.01 ஆகவும் இருக்கலாம்; அங்கே வித்தியாசம் நூறு மடங்கு. அடுத்த முறை நான்கு ஒன்பதுகளோடு ஓர் அறிவிப்பு வந்தால், மீதமிருக்கும் பிழை சாய்வா இரைச்சலா என்று அதில் ஒரு வரியாவது எழுதியிருக்கிறார்களா என்று தேடிப் பாருங்கள்.